சோலார், கைனட்டிக் வாட்ச் நின்றுபோனால்: செல்லை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பேட்டரியே மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்ற வாட்ச் ஒருநாள் நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்தால், வாங்கிப் பார்த்த கையோடு "செல் போச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். பாதி நேரம் அது உண்மையில்லை. செல் நன்றாகவே இருக்கும், சார்ஜ்தான் தீர்ந்திருக்கும். மீதிப் பாதியில் செல் உண்மையாகவே போயிருக்கும், ஆனால் அங்கேயும் எந்தச் செல்லைப் போடுகிறார்கள் என்பதைக் கவனிக்காவிட்டால் வாட்ச்சே போய்விடும். இந்த இரண்டையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

உள்ளே இருப்பது பேட்டரிதான், சார்ஜ் ஏறும் பேட்டரி

சோலார் வாட்ச்சும் கைனட்டிக் வாட்ச்சும் சாதாரணக் குவார்ட்ஸ் வாட்ச்கள்தான். அதே படிகம், அதே சுருள், அதே பற்சக்கரங்கள். வேறுபடுவது மின்சாரம் வரும் வழி மட்டுமே.

சோலார் வாட்ச்சில் டயலுக்கு அடியில் மெல்லிய சிலிக்கான் தகடு இருக்கிறது. டயல் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். தகட்டில் பிறக்கும் மின்சாரம் ஒரு டயோடு வழியாகச் சின்ன லித்தியம் செல்லுக்குப் போகிறது. அந்த டயோடு இல்லையென்றால் இரவில் செல்லிலிருந்து மின்சாரம் தகட்டுக்கே திரும்பி வடிந்துவிடும். செல் நிறைந்ததும் மேற்கொண்டு ஏறாமல் தடுக்கும் சுற்றும் உண்டு. அதனால் ஒளியில் அதிக நேரம் வைத்தால் ஓவர்சார்ஜ் ஆகிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியது சூட்டுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன். முள் வாட்ச்சுக்கு ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலையைச் சிட்டிசன் 1976-லேயே செய்துகாட்டியது. இன்று அவர்கள் விற்கும் எக்கோ-டிரைவ் வரிசை அதன் தொடர்ச்சி.

கைனட்டிக் என்பது சீக்கோவின் வழி. 1986-ல் பாசல் கண்காட்சியில் மாதிரியைக் காட்டினார்கள், 1988-ல் விற்பனைக்கு வந்தது. ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் இருப்பதுபோல அரைவட்ட எடை ஒன்று கை ஆட ஆடச் சுற்றும். ஆனால் அது ஸ்பிரிங்கை முறுக்குவதில்லை. பற்சக்கரங்கள் வழியாக ஒரு குட்டிக் காந்தத்தை மிக வேகமாகச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும் என்பது சீக்கோ சொல்லும் கணக்கு. காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது நேர்மின்சாரமாக மாற்றப்பட்டுச் சேமிப்புக்குப் போகிறது. கைனட்டிக்குக்கு வெயில் எதற்கும் உதவாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு: கைனட்டிக் வாட்ச்சை ஜன்னலில் காயவைத்துவிட்டு "சார்ஜே ஏறல" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஒளி வேண்டும்

சோலார் வாட்ச் விஷயத்தில் கேசியோ தன் கையேட்டில் தரும் அட்டவணையைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. ஜி-ஷாக் GW-M5610 மாடலுக்கு ஒரு நாள் செலவை ஈடுகட்ட இவ்வளவு போதும் என்கிறார்கள், இதில் லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு: வெளி வெயிலில் (50,000 லக்ஸ்) 5 நிமிடம், ஜன்னல் வழியே வரும் வெயிலில் (10,000 லக்ஸ்) 24 நிமிடம், மேகமூட்டமான நாளில் ஜன்னலோரம் (5,000 லக்ஸ்) 48 நிமிடம், அலுவலக டியூப்லைட்டில் (500 லக்ஸ்) 8 மணி நேரம்.

இந்த எண்களைப் பெருக்கிப் பாருங்கள். 10,000 பெருக்கல் 24 என்றால் 2,40,000. 5,000 பெருக்கல் 48-ம் அதேதான். 500-ஐ 480 நிமிடத்தால் பெருக்கினாலும் அதேதான். வெயில் கணக்கு மட்டும் 2,50,000 வருகிறது, அதுவும் பக்கத்தில்தான். ஆக, ஒளியும் நேரமும் சேர்ந்து ஒரு நிலையான அளவைத் தொட வேண்டும். ஒளி பத்தில் ஒன்றானால் நேரம் பத்து மடங்கு ஆகும்.

இதை வீட்டுக்குள் பொருத்துங்கள். இரவில் விளக்கெரியும் ஹாலில் நாற்காலி உயரத்தில் 150 லக்ஸ் இருந்தால் அதிகம். 2,40,000-ஐ 150-ஆல் வகுத்தால் 1,600 நிமிடம், அதாவது இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளில் இருப்பதே 24 மணி நேரம். காலையில் இருட்டோடு கிளம்பி, முழுக்கைச் சட்டைக்குள் வாட்ச்சை மறைத்து, மாலை வீடு திரும்பி விளக்கொளியில் உட்காருபவர் தினமும் கட்டியிருந்தும் செல் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அவர் "நான் தினமும் போடுறேனே" என்று ஆச்சரியப்படுவார். அந்த வாட்ச்சில் பழுது எதுவும் இல்லை.

மாடலுக்கு மாடல் எண் மாறும். முள் வாட்ச்சா, டிஜிட்டலா, ரேடியோ சிக்னல் வாங்குமா என்பதைப் பொறுத்துச் செலவு வேறு. டயல் நிறத்தைப் பொறுத்து வரவும் வேறு. ஆனால் இந்தப் பெருக்கல் தர்க்கம் எல்லாவற்றுக்கும் பொது. உங்கள் மாடலின் கையேட்டில் இதே மாதிரி அட்டவணை இருக்கும். அதில் "ஒரு நாளுக்கு" என்ற வரிசையும் "காலியிலிருந்து முழுதாக" என்ற வரிசையும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது நிமிடக் கணக்கு என்றால், இரண்டாவது நல்ல வெயிலிலேயே பல மணி நேரம், அறை ஒளியில் பல நாள்.

முதல் வேலை: முள் சொல்வதைப் படிப்பது

நிற்பதற்கு முன்பே இந்த வாட்ச்கள் எச்சரிக்கும். சிட்டிசனிலும் சீக்கோவிலும் விநாடி முள் ஒவ்வொரு விநாடியும் நகராமல், இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரண்டு கோடு தாண்டிக் குதிக்கும். நேரம் சரியாகவே காட்டும், முள்ளின் நடை மட்டும் மாறும். பலர் இதைப் பார்த்து இயந்திரம் கெட்டுவிட்டது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதைவிடத் தப்பான காரியம் இல்லை, அப்போது அதற்கு வேண்டியது ஒளி. கேசியோ டிஜிட்டலில் திரையில் H, M, L என்று அளவு காட்டும். L வந்தால் சில வேலைகள் நிறுத்தப்படும், CHG மின்னினால் காட்சியே அணையப்போகிறது என்று பொருள்.

சிட்டிசனில் இன்னொரு நடையும் உண்டு. இரண்டு விநாடிக் குதிப்பு சீராக இல்லாமல் இடறி இடறி வந்தால், சார்ஜ் குறைவு என்று அர்த்தமில்லை. நின்றுபோய் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது, நேரத்தைச் சரிசெய் என்று கேட்கிறது. கிரவுனை இழுத்து நேரம் வைத்துத் தள்ளினால் நடை சீராகிவிடும்.

அப்புறம், எல்லா நிற்பும் நிற்பல்ல. இருட்டில் சில மணி நேரமோ சில நாளோ கிடந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த முள்ளையோ திரையையோ தானே நிறுத்திவைக்கும் மாடல்கள் பல உண்டு. உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் எடுத்ததும் முள் சுழன்று சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். சீக்கோவின் கைனட்டிக் ஆட்டோ ரிலே மாடல் இப்படி 4 ஆண்டு வரை உறங்கி, குலுக்கியதும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைச் செல் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது வேலை: ஒழுங்காக ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது

சோலாருக்கு: வாட்ச்சின் முகம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கட்டையில் வையுங்கள். பகலெல்லாம் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல், நான்கைந்து நாள். நேரடி உச்சி வெயிலில் மொட்டைமாடிச் சுவரில் வைக்க வேண்டாம். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது கையேடுகளின் எச்சரிக்கை. நம் ஊர் மே மாதத்தில் நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டு அந்த அளவை எளிதாகத் தொடும். டிஜிட்டல் திரை சூட்டில் கறுத்துப்போனால் ஆறியதும் சரியாகிவிடும். ஆனால் செல் வாங்கிய சூடு வாங்கியதுதான், அது ஆயுளைத் தின்னும். குண்டு பல்புக்கு ஒட்டிப் பிடிப்பதும் இதே காரணத்துக்காக வேண்டாம். எல்இடி விளக்குக்கு அடியில் வைப்பது பாதுகாப்பு, பொறுமை மட்டும் வேண்டும்.

வருடக்கணக்கில் பீரோவில் கிடந்த வாட்ச் முதல் நாளே உயிர்க்காது. முற்றிலும் காலியான லித்தியம் செல் முதலில் மிக மெதுவாகவே ஏறும். ஒரு மணி நேரம் வெயில் காட்டிவிட்டு "செத்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள்.

கைனட்டிக்குக்கு: கட்டிக்கொண்டு நடப்பதுதான் முறையான வழி. அவசரத்துக்கு, வாட்ச்சைக் கையில் பிடித்து ஒரு சாண் அகலத்துக்குப் பக்கவாட்டில், விநாடிக்கு இரண்டு முறை சீராக ஆட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் அதிகம் ஏறாது. எடை முழுச் சுற்று சுற்ற வேண்டும், உள்ளே அது ஓடும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். சில நூறு ஆட்டம் ஆட்டினால்தான் முள் விநாடி நடைக்கு வரும். அது ஒரு நாளைத் தள்ளவே போதும். மின்சாரப் பல்துலக்கியின் சார்ஜர் மேடையில் வைத்துக் கைனட்டிக்கை ஏற்றுபவர்கள் உண்டு. சுருளில் தூண்டுமின்சாரம் பிறப்பதால் அது வேலையும் செய்கிறது. சூட்டைக் கவனிக்க ஆளில்லாததால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வேலை: இருட்டுச் சோதனை

செல் நல்லதா என்பது ஏறுவதில் தெரியாது, தாங்குவதில்தான் தெரியும். இங்கே ஒரு சின்னக் கணக்கு முழு விஷயத்தையும் திறந்துவிடும்.

இந்த வாட்ச்களில் பரவலாக இருக்கும் ஒரு செல்லின் மேல் MT920 என்று அச்சிட்டிருக்கும். 1.5 வோல்ட், 5 மில்லி ஆம்பியர்-மணி. எளிய முள் வாட்ச் இழுப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஆம்பியர். 5 மில்லி என்றால் 5,000 மைக்ரோ. ஆக 5,000 மணி நேரம், அதாவது 208 நாள். முழு சார்ஜில் ஆறு மாதம் என்று விளம்பரத்தில் வருவது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

இதையே திருப்பிப் போடுங்கள். ஒரு நாள் செலவு 0.024 மில்லி ஆம்பியர்-மணி. செல் மூப்படைந்து கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை இழந்தாலும் 1 மில்லி ஆம்பியர்-மணி மிச்சமிருக்கும். அது நாற்பது நாளுக்கு மேல் வரும். தினமும் கட்டி, தினமும் வெளிச்சம் காணும் வாட்ச்சுக்கு ஓர் இரவைத் தாண்டினால் போதும். எனவே கையில் இருக்கும்வரை செல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போய் வரும்போதுதான் வெளிப்படும். செல் எத்தனை வருஷம் வரும் என்ற கேள்விக்கு ஒரே எண் சொல்ல முடியாததும் இதனால்தான். ஒருவருக்கு இருபது வருஷம் ஓடும் செல், மாதம் ஒருமுறை கட்டும் இன்னொருவருக்குப் பத்து வருஷத்திலேயே போதாமல் போகும்.

சோதனை இப்படி: நன்றாகச் சார்ஜ் ஏற்றிய சோலார் வாட்ச்சைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வையுங்கள். முள்ளை நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதி உள்ள மாடல் என்றால், எடுத்ததும் நேரத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு விநாடிக் குதிப்புக்கு வந்துவிட்டால் செல் போய்விட்டது, சந்தேகமில்லை. இரண்டு வாரம் தாண்டினால் தினசரி உபயோகத்துக்கு அது தாராளம். அதற்காகச் செல் புத்தம் புதிது என்று எண்ண வேண்டாம், மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு வாரத்துக்கு முழுக் கொள்ளளவில் ஏழு சதவீதம்தான் செலவாகும்.

ஒரு கைனட்டிக்கைப் பிடித்துப் பார்ப்போம்

என் சித்தப்பாவிடம் ஒரு சீக்கோ கைனட்டிக் இருக்கிறது. "ஆட்டினா ஓடுதுடா, கழட்டி வெச்சா காலையில நிக்குது" என்று கொண்டுவந்தார்.

முதலில் பின்மூடியைப் பார்த்தோம். அங்கே உள்ள எண்ணின் முதல் நான்கு எழுத்துதான் இயந்திரத்தின் பெயர், இதில் 5M62. அது முக்கியம். தொடக்கக் காலக் கைனட்டிக்குகளில் லித்தியம் செல்லுக்குப் பதில் கெப்பாசிட்டர் இருந்தது. நிறைந்தாலும் சில நாளுக்குத்தான் தாங்கும், சில வருஷத்தில் கசிந்து தாங்கும் திறனையே இழக்கும். கைனட்டிக்குக்கு வந்த கெட்ட பெயர் பெரும்பாலும் இந்தக் கெப்பாசிட்டர்களால் வந்தது. 5M62-ல் லித்தியம் செல், முழுதாக இருந்தால் ஆறு மாதம் வர வேண்டும்.

5M62-ல் இரண்டு மணி இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விநாடி முள் விறுவிறுவென்று முன்னே ஓடி நிற்கும். 5 விநாடி ஓடினால் ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை கையிருப்பு, 10 விநாடி ஓடினால் ஒரு மாதம் வரை, 20 என்றால் நான்கு மாதம் வரை, 30 என்றால் நான்கிலிருந்து ஆறு மாதம். ஓடி நின்ற முள் உண்மை நேரம் அதை எட்டும்வரை காத்திருந்து மறுபடி நடக்கும், பதறத் தேவையில்லை. இந்தப் பொத்தான் செல்லின் வோல்டேஜைத்தான் அளக்கிறது, உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையல்ல. அதனால் நன்றாக ஆட்டிய கையோடு அழுத்தினால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நம்ப வேண்டியது ஓய்வுக்குப் பிறகு வரும் எண்ணை.

அவரைச் சில நாள் தொடர்ந்து கட்டச் சொல்லி, மாலையில் கழற்றும்போது ஒருமுறையும், மறுநாள் காலை கட்டும் முன் ஒருமுறையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மாலையில் 20, காலையில் 5. இரவு செலவு மிகச் சொற்பம், ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டிய கையிருப்பு எட்டு மணி நேரத்தில் ஆவியாக முடியாது. செல் ஏற்பதுபோலக் காட்டுகிறது, தாங்கவில்லை. மாற்ற வேண்டியதுதான்.

மாலையிலும் 5-ஐத் தாண்டாமல் இருந்திருந்தால் முடிவு வேறு. அப்போது சந்தேகம் மின்சாரம் உண்டாக்கும் பக்கம் போகும்: எடையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், எண்ணெய் காய்ந்து எடை தயங்கலாம், சுருளின் முடிக்கம்பி அறுந்திருக்கலாம். காதருகே வைத்து மெல்லச் சாய்த்தால் எடை வழுக்கிச் செல்லும் சத்தம் தடையின்றி வர வேண்டும். உரசல் கேட்டால் புதுச் செல் போட்டும் பயனில்லை.

செல்லை மாற்றும்போது

இங்கேதான் நல்ல வாட்ச்கள் பாழாகின்றன. MT920 செல்லின் அளவு 9.5 மில்லிமீட்டர் அகலம், சுமார் 2 மில்லிமீட்டர் உயரம். சாதாரண வாட்ச்களுக்குப் போடும் SR920SW சில்வர் ஆக்சைடு செல்லும் அதே அளவுதான். MT621-க்கும் SR621SW-க்கும் இதே கதை. வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒன்றே, 1.5-க்கு 1.55. அதனால் கச்சிதமாக உட்காரும், வாட்ச்சும் உடனே ஓடும், வாங்கியவர் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். ஆனால் சில்வர் ஆக்சைடு செல் சார்ஜ் ஏற்றுவதற்கானதே அல்ல. வெயில் படும்போதெல்லாம் அதற்குள் மின்சாரம் தள்ளப்படும். உள்ளே வாயு சேர்ந்து வீங்கும், கசியும், வெடிக்கவும் கூடும். கசிந்த திரவம் சுருளைத் தொட்டால் இயந்திரமே போச்சு. சீக்கோ தன் கையேட்டில் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

ஆகவே கடையில் "சோலார் செல்" என்று மட்டும் சொல்லாமல், பின்மூடியில் உள்ள இயந்திர எண்ணைச் சொல்லி அதற்குரிய செல்லைக் கேளுங்கள். பல மாடல்களுக்கு அது தகட்டு முனையோ காப்புத்தாளோ சேர்ந்த தொகுப்பாக வரும். பழைய கெப்பாசிட்டர் கைனட்டிக்குக்கும் லித்தியம் செல் தொகுப்பு கிடைக்கிறது, அந்த மாற்றம் நிச்சயம் லாபம். பிரித்த பழைய செல்லையும், புதிதின் மேல் உள்ள எழுத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். SR என்று தொடங்கினால் போட விடாதீர்கள்.

பின்மூடியைத் திறந்த பிறகு ரப்பர் வளையத்தை மாற்றி, நீர்புகா அழுத்தச் சோதனை செய்யவில்லையென்றால் அந்த வாட்ச்சோடு நீச்சல் குளத்துக்குப் போக வேண்டாம். கேசியோவிலும் பல சீக்கோ சோலார்களிலும் செல் மாற்றியதும் AC என்று பொறித்த புள்ளியையும் செல்லின் நேர்முனையையும் இடுக்கியால் சில விநாடி இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூடிவிட்டால் முள் தாறுமாறாக நடக்கும், திரை உறைந்து நிற்கும், புதுச் செல்லும் மோசம் என்று பழி வரும். புதுச் செல் பெரும்பாலும் முழு சார்ஜோடு வராது. ஆகவே வீட்டுக்கு வந்ததும் மறுபடி அந்த ஜன்னல் கட்டையில் நான்கைந்து நாள் வைத்துவிட்டு, அதற்குப் பிறகே நேரத்தை நம்புங்கள்.